பலகை காய்ந்ததா? தட்டிப் பார்க்கும் விதம்

"பலகை நன்றாகக் காய்ந்ததா என்று தட்டியும் தூக்கியும் எப்படிக் கண்டுபிடிப்பது?"

நான் தொழில் பழகிய பட்டறையில், பெரிய ஆசாரி ஒரே அளவில் அறுத்த இரண்டு வேப்பம்பலகைகளை என் கையில் கொடுத்தார்.

"எதுடா கனம்?"

"இடது கையில இருக்கிறதுங்க ஐயா."

"அதுல இன்னும் ஈரம் இருக்கு. ஒரே மரம், ஒரே அளவுன்னாதான் இந்தக் கணக்கு சரி."

அப்புறம் பலகையின் ஒரு முனையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டச் சொன்னார். காய்ந்தது கணீரென்றது. ஈரப்பலகை 'தொப்' என்று அடங்கிவிட்டது. மூன்றாவது பலகை லேசாக இருந்தும் கரகரத்தது; புரட்டினால் முனையில் மயிரிழை வெடிப்பு.

"சந்தேகமா? எடை போட்டு எழுதி வை. வாரம் ஒருதரம் போடு. எடை இறங்குறது நின்னாத்தான் கதவுக்கு எடுக்கணும்."

அவசரப்பட்டு ஈரப்பலகையில் நான் செய்த கதவில், கோடை வந்ததும் இணைப்பு விலகி வெளிச்சம் தெரிந்தது.