எத்தனை டின் பருப்பு? ஐந்து நிமிட ஆவணப்படம் ஒன்று உருவான விதம்

கேள்வி: தெருவோரத்தில் சின்னதாகக் கடை போட்டிருக்கும் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்க வேண்டும், கல்லூரிப் பணி. அவரிடம் என்னென்ன கேட்பது, எடுத்ததைக் கடைசியில் எப்படி வரிசைப்படுத்துவது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், பழைய கடைவீடு ஒன்றின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைபாதையான ஐந்தடியில் வடை சுடும் அக்கா ஒருவரைப் பற்றி நான் எடுத்த படத்தை வைத்தே சொல்கிறேன், ஏனெனில் அதை ஒரு முறை தவறாக எடுத்துவிட்டு மறுபடியும் எடுத்திருக்கிறேன்.

முதல் முறை, கேமராவோடு போன அன்றே நேர்காணலை முடித்துவிட்டேன். எப்போது தொடங்கினீர்கள், ஏன் இந்தத் தொழில், என்ன கஷ்டம், என்ன ஆசை என்று வரிசையாகக் கேட்டு 52 நிமிடம் பதிவு செய்தேன். அக்காவும் பொறுமையாகப் பதில் சொன்னார். படத்தொகுப்புக்கு உட்கார்ந்தபோதுதான், அவர் சொன்ன எதற்கும் என்னிடம் காட்சி இல்லை என்பதும், நான் எடுத்திருந்த காட்சிகள் எதைப் பற்றியும் அவர் பேசவில்லை என்பதும் தெரிந்தன. வடை தட்டும் கையைக் காட்டிக்கொண்டே அவருடைய கல்யாணக் கதையை ஓடவிட்டால், பார்ப்பவர் இரண்டையும் கவனிப்பதில்லை.

இரண்டாம் முறை, கேமரா இல்லாமல் இரண்டு மாலை கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது கண்ணில் பட்டது மாவுப் பாத்திரம். மூன்று மணிக்குக் கடை திறக்கும்போது நிறைந்திருக்கும் அந்தப் பாத்திரம் காலியானதும் அவர் வீட்டுக்குப் போகிறார். அது சீக்கிரம் காலியானால் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், காலியாகாவிட்டால் அன்றைய லாபம் அதிலேயே தங்கிவிடும். காலையில் எத்தனை பால் டின் கடலைப் பருப்பை ஊறப் போடுவது என்ற ஒரே முடிவில் அவருடைய நாள் முழுவதும் அடங்கியிருக்கிறது. மாரியம்மன் கோவிலுக்கு ஆள் வரும் வெள்ளிக்கிழமை என்றால் ஆறு டின், மற்ற நாள்களில் ஐந்து, மழை வரும்போல் இருந்தால் நான்கு. ஐந்து நிமிடப் படம் தாங்குவது இந்த அளவுள்ள ஒரு கேள்வியைத்தான். உங்கள் கடைக்காரர் தினமும் எதைக் கணித்து முடிவெடுக்கிறார், அந்தக் கணிப்பு தவறினால் அவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். படத்தின் முதுகெலும்பு அநேகமாக அங்கேதான் இருக்கும்.

நேர்காணல் கேள்விகளை அதற்குப் பிறகுதான் எழுதினேன். ஒவ்வொரு கேள்வியும் படமாக்கக்கூடிய ஒரு செயலையோ குறிப்பிட்ட ஒரு நாளையோ தொட வேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்ட ஒரே விதி. “இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்குமா?” என்று கேட்டால் “பிடிக்கும்” என்று பதில் வரும், அதோடு முடிந்தது. “இன்றைக்கு எத்தனை டின் போட்டீர்கள், ஏன் அத்தனை?” என்று கேட்டபோது அவர் வானத்தைப் பற்றியும் பள்ளி விடுமுறையைப் பற்றியும் முந்தின நாள் மீந்ததைப் பற்றியும் தானாகவே பேசினார். “மாவு மீந்துபோன ஒரு நாளைச் சொல்லுங்கள், அன்று வீட்டுக்குப் போய் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்விக்குச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பிள்ளைங்க மூணு வேளையும் வடைதான் தின்னுச்சுங்க, கடைசியில என் மூஞ்சியையே பாக்க மாட்டேன்னுச்சுங்க” என்றார். முதல் முறை கஷ்டத்தைப் பற்றி நேராகக் கேட்டபோது கிடைக்காதது இது. பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் ஐந்தாறு விநாடி சும்மா இருங்கள். நல்ல வாக்கியங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. நம் கேள்வி படத்தில் ஒலிக்கப்போவதில்லை என்பதால் பதில் தனித்து நிற்க வேண்டும், ஆனால் “முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பள்ளிக்கூட ஒப்புவிப்பு மாதிரி ஆகிவிடும். “கடையைப் பார்க்காத ஒருவருக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள் அக்கா” என்பது போதுமானதாக இருந்தது.

எண்ணெய் கொதிக்கும் இடத்தில் நேர்காணலை வைக்காதீர்கள். அந்த இரைச்சல் பேச்சின் மேலேயே வந்து படியும், பின்னால் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். நாங்கள் இரவு அவர் வீட்டில், மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். (என் மோட்டார் சைக்கிள் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், திரும்ப இயக்க மறந்தால் நான் வீட்டுக்குப் போக முடியாதல்லவா.) பினாங்குப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள், ஆகவே இரண்டு பகுதியாகப் பிரித்தோம். எண்ணெயில் வடை விழும் ஓசையைக் கடையில் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டேன்.

காட்சி எடுப்பதை நேர்காணலுக்கு மறுநாள் வைத்தால், அவர் சொன்னதைத் தேடிப் பிடிக்கலாம். டின்னால் அளப்பது, அரைப்பது, பாத்திரத்தின் மட்டம் இறங்குவது ஆகிய ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்தும், இடுப்பளவிலும், கைக்கு மிக அருகிலும் எடுத்து, ஒவ்வொரு கோணத்திலும் கேமராவைப் பத்து விநாடி அசையாமல் வைத்தேன். பாத்திரத்தை மட்டும் ஒரே இடத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்தேன், படத்தில் கடிகாரமாக நிற்கப்போவது அதுதான் என்பதால்.

பிறகு காகிதத்தில் தொகுப்பு. இம்முறை நேர்காணல் 40 நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. அதை முழுவதும் எழுதி, ஒவ்வொரு பதிலையும் தனித்தனித் துண்டாக வெட்டி, மேசையில் பரப்பி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். படம் காட்டுவதைக் குரல் மறுபடி சொன்னால் குரலைத் தூக்கிவிட்டேன். மிஞ்சிய பேச்சு இரண்டேகால் நிமிடம். ஐந்து நிமிடத்தில் பாதிக்கு மேல் பேச்சு நிறைந்தால் கடையின் ஓசைகளுக்கு இடமே இருக்காது.

வரிசை இப்படி அமைந்தது. முதல் 25 விநாடி பேச்சே இல்லை, விடியற்காலை இருட்டில் டின் பருப்புக்குள் இறங்கும் சத்தம் மட்டும். ஐந்தாவது டின்னில் கை நிற்கும்போது “மழ வருமான்னு தெரியல” என்ற குரல் நுழைகிறது. அரைப்பதும் கடைக்குப் போவதும் ஏறத்தாழ முக்கால் நிமிடத்தில் ஓடிவிடும். மூன்று மணி வியாபாரத்துக்கு, அதாவது தமிழிலும் மலாயிலும் கொஞ்சம் ஹொக்கியனிலும் அவர் கணக்குச் சொல்லும் பகுதிக்கு, ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுத்தேன். அடுத்த பகுதிக்கு மாறும் இடங்களில் வடை எண்ணெயில் விழும் ஓசையைக் காட்சிக்கு ஒரு விநாடி முன்னதாகவே கேட்க வைத்தேன். சரியாக நடுவில் மழை வந்தது, அது அக்டோபர் மாதம். ஐந்தடியில் ஒதுங்கியவர்களில் யாரும் வாங்கவில்லை, பாத்திரம் பாதியில் நிற்கிறது. பிள்ளைகள் மூன்று வேளையும் வடை தின்ற கதையை அந்த இடத்துக்காகவே பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். வாழ்க்கை வரலாற்றில் முதலில் வரும் செய்தி படத்தில் முதலில் வர வேண்டியதில்லை, அது எந்தக் காட்சியின் மேல் கனக்குமோ அங்கே வைக்கலாம்.

முடிவில்தான் எனக்குச் சறுக்கியது. கடை மூடிய இரவே அவர் மறுநாளுக்குப் பருப்பை ஊறப் போடுவதாக முடிக்கத் திட்டமிட்டு, அப்படிச் செய்து காட்டச் சொல்லியும் கேட்டேன். “ராத்திரியே போட்டா ரொம்ப ஊறிப் போயி எண்ணெயக் குடிச்சிடும், யாரு தம்பி அப்படிச் செய்வா” என்று சிரித்தார். வடை சுடத் தெரிந்த எவரும் அந்த ஒரு காட்சியால் என் படம் முழுவதையும் நம்பாமல் போயிருப்பார்கள். ஆகவே மறுநாள் விடியற்காலை மறுபடியும் போனேன். நான்கு டின் போட்டார், ஐந்தாவதை எடுத்தார், ஜன்னலைப் பார்த்தார், பாதியை மட்டும் கொட்டிவிட்டு மீதியை மூட்டைக்கே திருப்பினார். “பிள்ளைகள் படித்து நல்லா வரணும்” என்ற அவருடைய வாக்கியத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன். பருப்பின் மேல் தண்ணீர் விழும் சத்தத்தோடு திரை இருள்கிறது.