பக்கவாதத்துக்குப் பின் விழுங்குதல்: விழுங்கல் சிகிச்சையாளரிடம் கேள்வி பதில்

அப்பாவுக்கு வலது பெருமூளையில் அடைப்பு. கெட்டியான உணவு இறங்குகிறது, தண்ணீர்தான் புரை ஏறுகிறது. தலைகீழாக இருக்கிறதே?

பலருக்கும் இப்படித்தான். தண்ணீர் வேகமாக ஓடும். குரல்வளை மூடுவதற்குள் தொண்டைக்கு வந்துவிடும். விழுங்குவதைப் பெருமூளையின் இரண்டு பாதிகளும் நடத்தினாலும், ஒரு பாதியின் கை ஓங்கியிருக்கும். வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓங்கிய பாதி அடிபட்டால் சிரமம் வரும். மற்ற பாதி மெல்லப் பொறுப்பேற்பதால், பலருக்குச் சில வாரங்களில் தேறுகிறது.

மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் சின்ன அடைப்புதான் என்றார்கள். எச்சில்கூட இறங்கவில்லை.

இடம்தான் முக்கியம், அளவல்ல. விழுங்கும் வரிசையை வகுக்கும் நரம்பணுக்கள் முகுளத்தில்தான் இருக்கின்றன. அதன் பக்கவாட்டில் அடைத்தால் உணவுக்குழாயின் மேல்வாய் சரியாகத் திறக்காமல் எச்சில் தேங்கும். பரிசோதித்துச் சொல்லும்வரை வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்.

தொண்டையைக் குச்சியால் தொட்டால் குமட்டுகிறது. அப்படியென்றால் ஆபத்தில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. குமட்டல் வேறு, விழுங்கல் வேறு. குமட்டலே வராத ஆரோக்கியமானவர்களும் நன்றாக விழுங்குகிறார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தோம். இருமவே இல்லை, அதனால் சாப்பாடு ஆரம்பித்துவிட்டோம்.

உடனே நிறுத்துங்கள். இருமல் இல்லாததைப் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்! தொண்டையில் உணர்வு மங்கியிருந்தால் தண்ணீர் சத்தமின்றி மூச்சுக்குழாய்க்குள் போகும்.

விழுங்கல் சோதனையைப் பயிற்சி பெற்றவர் செய்தால் இப்படிப் போகும். முதலில் நிமிர்ந்து உட்கார முடிகிறதா, விழிப்பாக இருக்கிறாரா, சொன்னால் இருமுகிறாரா, எச்சிலை விழுங்குகிறாரா என்று பார்ப்பார்கள். பிறகு கூழ் பதத்தில் அரைத் தேக்கரண்டி கொடுப்பார்கள். அதில் தேறினால்தான் தண்ணீர்: 3, 5, 10, 20, கடைசியாக 50 மில்லி. ஒவ்வொரு முறையும் "ஆ" சொல்லச் சொல்வார்கள். ஒருவர் 5 மில்லிவரை தேறினார், 10 மில்லிக்கும் இருமவில்லை, ஆனால் "ஆ" மட்டும் தண்ணீருக்குள் பேசுவதுபோல் கொழகொழவென்று வந்தது என்றால், சோதனை அங்கேயே நிற்கும். அடுத்தது மூக்குவழி கேமராவோ எக்ஸ்ரே வீடியோவோதான்.

நான் வார்டு செவிலியர். தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி கலந்து கொடுத்தாலே போதுமே? எங்கள் வார்டில் எல்லாருக்கும் அதுதான்.

எல்லாருக்கும் என்பதை ஏற்கமாட்டேன். கெட்டியானால் மூச்சுக்குழாய்க்குள் போவது குறைவதை எக்ஸ்ரேயில் பார்க்கிறோம், உண்மைதான். ஆனால் நிமோனியா குறைகிறது என்பதற்குச் சான்று மெலிது. சுவை பிடிக்காமல் குறைவாகக் குடித்து உடல் வறண்டுபோகிறது.

அதே செவிலியர்: இரவில் மூச்சுத் திணறினால் பார்ப்பது நாங்கள்தான்!

அந்தப் பயம் நியாயம்தான். கேமராவில் பார்த்து, யாருக்கு எந்தப் பதம் என்று எழுதி வையுங்கள். தினமும் எவ்வளவு குடித்தார் என்பதையும் குறியுங்கள். இருவரும் முழுதாக ஒத்துப்போக மாட்டோம்.

அம்மாவுக்கு இருமல் இல்லை, தண்ணீர் தரலாமா?

மேலே சொல்லிவிட்டேன். சோதிக்காமல் வேண்டாம். அதுவரை வாயைச் சுத்தமாக வையுங்கள். எச்சிலோடு இறங்கும் கிருமிதான் நுரையீரலைக் கெடுக்கிறது.