தாங்கியை மட்டும் பெருப்பித்தால் போதுமா?

கேள்வி: வாழைச்சேனையில் ஒரு ஐஸ் பிளாந்துக்கு 20 கிலோவாற் வனேடியம் பற்றரி பொருத்த இருக்கிறோம். பகல் சோலாரில் சார்ஜ் செய்து, உச்ச நேரக் கட்டணம் ஓடும் மாலை 6.30 முதல் 10.30 வரை நான்கு மணிநேரம் பாவிப்பதுதான் திட்டம். பிறகு எட்டு மணிநேரம் தேவைப்பட்டால் தாங்கியை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்கிறார் விற்பவர். உண்மையா? – பொறியியலாளர், மட்டக்களப்பு

பதில்: பற்றரியின் இரசாயனத்தைப் பொறுத்தவரை உண்மை. உங்கள் பிளாந்தைப் பொறுத்தவரை பாதி உண்மை.

ஸ்டாக் என்று சொல்லும் செல் அடுக்குக்குள் மின்சாரம் உண்டாகிறது. சக்தியோ வெளியே, நேர்ப் பக்கத்துக்கு ஒன்று, எதிர்ப் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு தாங்கியில் இருக்கும் வனேடியம் கரைசலில் கிடக்கிறது; பம்பி அதை ஸ்டாக் வழியாக ஓட்டுகிறது. எவ்வளவு கிலோவாற் என்பதைச் செல்லின் பரப்பும் எண்ணிக்கையும் முடிவு செய்கின்றன. 2,000 சதுர சென்ரிமீற்றர் இலத்திரோட்டில், சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லி அம்பியர் என்றால் 200 அம்பியர் வரும். சுமையில் ஒரு செல்லுக்கு 1.1 வோல்ற்று என்று வைத்தால், 90 செல் அடுக்கினால் உங்கள் 20 கிலோவாற் கிடைத்துவிடும். பக்கத்தில் இருப்பது சின்ன வாளியா பெரிய தாங்கியா என்பது அந்த 90 செல்லுக்குத் தெரியாது.

அடுத்தது தாங்கி. லீற்றருக்கு 1.6 மோல் வனேடியம் உள்ள வழக்கமான கரைசலில், இரண்டு தாங்கியையும் சேர்த்துக் கணக்கிட்டால், நடைமுறையில் லீற்றருக்குச் சுமார் 20 வாற் மணி எடுக்கலாம். உங்களுக்கு வேண்டியது 80 கிலோவாற் மணி. அதாவது 4,000 லீற்றர், பக்கத்துக்கு 2,000. எட்டு மணிநேரத்துக்கு 8,000 லீற்றர். ஸ்டாக்கில் கை வைக்கத் தேவையில்லை. விற்பவர் சொன்னது இதுவரைக்கும் சரி.

சார்ஜ் செய்வதும் அதே ஸ்டாக் வழியாகத்தான் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். பம்பி, இன்வேட்டர் எல்லாம் சேர்த்துப் போய்வரும் திறன் 70 சதவீதம் என்று எடுங்கள். 80 வெளியே வர 114 கிலோவாற் மணி உள்ளே போக வேண்டும். நல்ல வெயில் ஆறு மணிநேரம் என்றால் 19 கிலோவாற், மட்டுமட்டாகப் பொருந்துகிறது. 160 எடுக்கவோ 229 உள்ளே போக வேண்டும், ஆறு மணிநேரத்தில் 38 கிலோவாற். உங்கள் ஸ்டாக் 20க்கு மேல் வாங்காது. தாங்கியை இரட்டிப்பாக்கினாலும் ஒரு நாள் வெயிலில் அது பாதிதான் நிரம்பும். தினமும் எட்டு மணிநேரம் வேண்டுமென்றால் ஸ்டாக்கும் இரட்டிப்பாக வேண்டும், பகலில் பிளாந்து ஓடியது போக மிஞ்சும் சோலாரும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

அதற்கு முதல் ஒன்றைப் பாருங்கள். 10.30க்குப் பிறகும் 20 கிலோவாற் தேவையா? ஐஸ் அடிப்பது நின்று குளிரறை மட்டும் 7, 8 கிலோவாற்றில் ஓடினால், கூடுதலாக வேண்டியது 80 அல்ல, சுமார் 30 கிலோவாற் மணிதான். அதோடு 10.30க்குப் பிறகு கட்டணமும் குறைவு. அந்த நேரத்துக்குப் பற்றரியே வேண்டாம் என்றுகூடக் கணக்கு வரலாம். பெரிய தாங்கிக்கு உண்மையான பயன், படகு போகாத நாட்களில் மிஞ்சும் சோலாரைச் சேர்த்து வைத்து, மாரி மழை நாட்களில் எடுப்பது. ஆனால் மலிவு என்று நினைக்காதீர்கள். பிளாஸ்ரிக் தாங்கி மலிவு, அதற்குள் போவது மலிவல்ல. 4,000 லீற்றரில் மட்டும் சுமார் 325 கிலோ வனேடியம் இருக்கிறது.

கரைசலைக் கூட்டும்போது பற்றரியின் சார்ஜை முழுவதும் இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு ஊற்றச் சொல்லுங்கள். அந்த நிலையில் நேர்ப் பக்கம் நீலமாகவும் எதிர்ப் பக்கம் பச்சையாகவும் இருக்கும். எதிர்ப் பக்கத் தாங்கியில் கரைசலுக்கு மேல் உள்ள வெற்றிடத்தில் நைதரசன் நிற்க வேண்டும். காற்றுப் பட்டால் சார்ஜான வனேடியம் ஒட்சியேறி, இரண்டு பக்கமும் சமநிலை குலைந்து, கொள்ளளவு மாதாமாதம் இறங்கும். சமநிலையைத் திருத்தலாம், அதற்குத் தனி வேலை இருக்கிறது.

கடைசியாக, நம்ம ஊர் வெயில். கரைசல் 40 பாகையைத் தாண்டி, சார்ஜும் நிறைந்திருந்தால், நேர்ப் பக்கத்தில் வனேடியம் ஒட்சைட்டு செம்மஞ்சள் வண்டலாகப் படியும். பம்பி அழுத்தம் மெல்ல ஏறுவதுதான் முதல் அறிகுறி. அந்த வண்டல் செல்லுக்குள் இருக்கும் காபன் ஃபெல்ற்றில் அடைத்துக்கொள்கிறது. வெறும் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் பங்குனி, சித்திரையில் இந்தச் சிக்கல் வரும். வெப்பமாற்றி போடுங்கள், மாலைவரை நிறைந்த சார்ஜில் சும்மா நிற்கவும் விடாதீர்கள். அமிலக் கரைசல் கசிந்தால் தேங்க, சுற்றிவரத் தடுப்புச் சுவர் கட்டுவீர்கள் அல்லவா? அதை இப்போதே 8,000 லீற்றருக்குக் கட்டிவிடுங்கள். தளமும் அப்படியே: 4,000 லீற்றரே ஐந்து தொன்னுக்கு மேல் வரும், உங்கள் பக்கம் கடற்கரை மணல்.