பிளாஸ்க்கில் உறை ஊற்றினால் ஒரு நாள் கெட்டித் தயிர், மறுநாள் நூல் விடுகிறது. யோகர்ட் மேக்கர் வாங்கினால் சரியாகுமா?

முதலில் ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். நான் அதை விட்டுவிட்டு மெஷினை வாங்கினேன், அதே கதைதான் தொடர்ந்தது.

நாங்கள் இருப்பது குன்னூரில். விரல் விட்டுப் பார்த்து 'வெதுவெதுப்பு' என்று நான் நம்பிய பால், அளந்தபோது ஒரு நாள் 37 டிகிரி, இன்னொரு நாள் 49. கை சில்லிட்டிருந்தால் ஆறிய பால்கூடச் சூடாகத்தான் தெரியும். தயிர் நூல் விடுவது பெரும்பாலும் சூடு போதாததால். அதிகமானால் சீக்கிரம் புளித்து, மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். 50-ஐத் தாண்டினால் உறையே சாக ஆரம்பிக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, பொங்கிய பிறகும் சிறு தீயில் ஐந்து நிமிஷம் விடுகிறேன். தயிர் கெட்டிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அது 44-க்கு ஆறுவதற்குள் பிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி மூடி வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் குளிர்ந்த பிளாஸ்க் பாலின் சூட்டில் கொஞ்சத்தைத் தானே குடித்துவிடும். ஒரு டீஸ்பூன் தயிரைச் சிறிது பாலில் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்த்து, வெந்நீரைக் கொட்டிய கையோடு கழுத்து வரை நிரப்பி மூடுகிறேன். அரை பிளாஸ்க் பால் என்றால் மிச்ச இடத்தில் காற்றுதான், சீக்கிரம் ஆறும். ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால் 39, 40 இருக்கும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது, ஆட்டவும் கூடாது. (என் மாமியார் இன்னும் ஆட்டிப் பார்க்கிறார்.)

சரி, மெஷின். விலை குறைந்தவை பலவற்றில் தெர்மோஸ்டாட் கிடையாது. அடியில் ஒரு சின்ன ஹீட்டர் ஓயாமல் எரியும், அவ்வளவுதான். அதனால் அறை குளிர்ந்தால் பாலும் குளிரும். என்னுடையதில் மே மாதம் 47 காட்டியது, ஜனவரியில் 39. வாங்கியதும் பாலை வீணாக்காமல், 42 டிகிரித் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டு நாலு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 40-லிருந்து 44-க்குள் நின்றால் கவலையில்லை. கூடினால் கிண்ணத்துக்கு அடியில் துணியை நாலாக மடித்துப் போடுங்கள். குறைந்தால், காற்றுத் துவாரங்களை அடைக்காமல் மேலே ஒரு துண்டு போர்த்துங்கள். அப்புறம் அதே தண்ணீரை வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

ஆனால் பிளாஸ்க்கில் இருக்கும் ஒரு தொல்லை மெஷினில் இல்லை. தோய்ந்த தயிரை பிளாஸ்க்கோடு ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே சூடு அப்படியே நிற்கும், தயிர் புளித்துக்கொண்டே போகும். வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கட்டி உடையும். மோருக்கும் தயிர்சாதத்துக்கும் அது போதும். கட்டித் தயிராக வெட்டி எடுக்க வேண்டுமென்றால் மட்டும் மெஷினுக்குச் செலவு செய்யுங்கள்.