பன்னிரண்டரை சதவீதம் எங்கிருந்து வருகிறது?

"வங்கி வைப்பு முதிர்ந்து 4,80,000 ரூபாய் கையில் இருக்கிறது. புதுப்பித்தால் 7 சதவீதம்தான் தருவார்களாம். 96 ரூபாய்க்கு விற்கும் ஒரு பங்கில் டிவிடெண்ட் யீல்டு 12.5 சதவீதம் என்று செயலியில் காட்டுகிறது. மூன்று வருடமாகத் தவறாமல் கொடுத்தும் இருக்கிறார்கள். முழுத் தொகையையும் அதில் போடலாமா? அவர்களுடைய ஆண்டறிக்கைகளை இணைத்திருக்கிறேன்."
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மாபேட்டை, சேலம்

ஐயா, போட வேண்டாம். காரணம் நீங்கள் அனுப்பிய அறிக்கைகளிலேயே இருக்கிறது.

நிறுவனம் உங்களுக்கு 12.5 சதவீதம் தருவதாக எங்கும் சொல்லவில்லை. பங்குக்கு 12 ரூபாய் என்று மட்டும் அறிவித்திருக்கிறது. அந்த 12 ரூபாயை இன்றைய சந்தை விலையான 96ஆல் வகுத்து, செயலிதான் 12.5 என்று காட்டுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையிலும் டிவிடெண்ட் இதே 12 ரூபாய்தான். அப்போது பங்கு விலை 240. யீல்டு வெறும் 5 சதவீதம். டிவிடெண்ட் ஒரு காசுகூட ஏறவில்லை. விலை விழுந்ததால் யீல்டு வீங்கியிருக்கிறது. 12.5 சதவீதம் தரும் பங்கை 96 ரூபாய்க்கு உங்களிடம் விற்கப் போகிறவருக்கும் இந்த வகுத்தல் தெரியும். தெரிந்தும் விற்கிறார் என்றால், அடுத்த ஆண்டு 12 ரூபாய் வரும் என்று அவர் நம்பவில்லை என்பது என் ஊகம்.

அவர் நம்பாததற்கு என்ன காரணம் என்பதைப் பே-அவுட் விகிதம் சொல்லும். ஒரு பங்குக்கு ஈட்டிய லாபத்தில் எத்தனை சதவீதத்தை டிவிடெண்டாகக் கொடுத்தார்கள் என்பதுதான் அது. முதல் ஆண்டில் பங்குக்கு 30 ரூபாய் லாபம், 12 கொடுத்தார்கள், 40 சதவீதம். அடுத்த ஆண்டு லாபம் 20, கொடுத்தது அதே 12, 60 சதவீதம். கடைசி ஆண்டில் லாபம் 9 ரூபாய்தான். அப்போதும் 12 கொடுத்தார்கள், 133 சதவீதம். ஒன்பது சம்பாதித்துவிட்டுப் பன்னிரண்டு கொடுத்தவர்களுக்கு மீதி மூன்று எங்கிருந்து வந்தது?

சட்டப்படி இதில் குற்றமில்லை. முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த லாபத்திலிருந்தும் டிவிடெண்ட் தர 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் சேர்ந்த லாபம் என்பது கணக்கேட்டில் ஒரு வரி. அந்தப் பணம் என்றோ இயந்திரமாகவும் கிடங்குச் சரக்காகவும் மாறிப்போயிருக்கும். டிவிடெண்டை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே லாப நட்டக் கணக்கோடு நிறுத்தாமல் பணப்புழக்க அறிக்கையைத் திறக்க வேண்டும். பெரும்பாலானோர் புரட்டாமல் விட்டுவிடும் பக்கம் அது.

மொத்தம் பத்துக் கோடிப் பங்குகள். எனவே டிவிடெண்டுக்குப் போனது 120 கோடி. தொழில் நடத்தி அந்த ஆண்டு உண்மையில் உள்ளே வந்த ரொக்கம் 70 கோடி. பழைய இயந்திரங்களை மாற்ற 30 கோடி செலவானது. மிஞ்சியது 40 கோடி. பற்றாக்குறை 80 கோடி. இப்போது கடன் பகுதியைப் பாருங்கள்: முந்தைய ஆண்டு 200 கோடியாக இருந்த வங்கிக் கடன் 280 கோடியாகியிருக்கிறது. இரண்டும் ரூபாய் பிசகாமல் பொருந்துகின்றன. கடைசியாகக் கொடுத்த 12 ரூபாயில் எட்டு ரூபாய், வட்டிக்கு வாங்கிக் கொடுத்தது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். டிவிடெண்டைக் குறைத்தால் நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் வரும், விலை இன்னும் சரியும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். இங்கே நிறுவனர் குடும்பத்திடம் 65 சதவீதப் பங்கு இருக்கிறது. 120 கோடியில் 78 கோடி அவர்கள் கைக்கே போகிறது. அவர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை பங்குச் சந்தையின் இணையதளத்தில் வெளியாகும் பங்குதாரர் பட்டியலில் பார்க்கலாம். அடமானம் ஏறிக்கொண்டே போனால், டிவிடெண்ட் யாருடைய அவசரத்துக்காக என்பது விளங்கிவிடும்.

டிவிடெண்ட் குறைந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று பார்ப்போம். 4,80,000 ரூபாய்க்கு 5,000 பங்குகள் கிடைக்கும். ஆண்டுக்கு 60,000 என்று மனத்தில் எழுதி வைத்திருப்பீர்கள். நிறுவனம் நிதானத்துக்கு வந்து, 9 ரூபாய் லாபத்தில் 3 ரூபாய் மட்டும் கொடுத்தால் வருவது 15,000. வங்கியிலேயே 33,600 வந்திருக்கும். டிவிடெண்டுக்காகவே வைத்திருந்தவர்கள் அன்றே விற்பார்கள்; விலை 70க்கு இறங்கினால் நீங்கள் போட்ட முதலில் 1,30,000 ரூபாய் காணாமல் போயிருக்கும். இது எனக்கும் நடந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் 11 சதவீதம் என்பதற்காகவே ஒரு பங்கை வாங்கினேன். இரண்டு முறை பணம் வந்தது. மூன்றாம் ஆண்டு, "இந்த ஆண்டு டிவிடெண்ட் பரிந்துரைக்கப்படவில்லை" என்று இயக்குநர் அறிக்கையில் ஒரே ஒரு வரி வந்தது. அதுவரை நான் பணப்புழக்க அறிக்கையைத் திறந்ததே இல்லை.

யீல்டு உயர்ந்து தெரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்ற ஆண்டில் பங்காளிகளுக்குத் தாராளமாகப் பிரித்துக் கொடுப்பார். அடுத்த ஆண்டு காபியும் மிளகும் கொடுப்பதுதான் பங்கு. நிறுவனங்களும் நிலத்தையோ துணை நிறுவனத்தையோ விற்ற ஆண்டில் சிறப்பு டிவிடெண்ட் கொடுப்பதுண்டு. செயலி கடந்த பன்னிரண்டு மாதத் தொகையை அப்படியே கூட்டிக் காட்டும். மரம் வெட்டிய பணம் எது, விளைச்சல் எது என்று பிரிக்காது. நீங்கள் கேட்ட பங்கில் இந்தச் சிக்கல் இல்லை. வேறு பங்கைப் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

பே-அவுட் விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பெரிய ஆலை தேவைப்படாத மென்பொருள் நிறுவனமோ, அன்றாட நுகர்பொருள் நிறுவனமோ 80, 90 சதவீதம் கொடுத்தும் நன்றாகவே இருக்கலாம். மாறாக எஃகு, சுரங்கம் போன்ற தொழில்களில், சரக்கு விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் லாபமும் உச்சத்தில் இருப்பதால் இந்த விகிதம் 30 சதவீதம் என்று அடக்கமாகத் தெரியும். விலை இறங்கினால் அதே டிவிடெண்ட் லாபத்தை விழுங்கிவிடும். அத்தகைய பங்குக்கு ஓராண்டு லாபத்தால் வகுக்காமல் ஐந்தாண்டுச் சராசரியால் வகுத்துப் பாருங்கள்.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கான வரி நம் தலையில்தான். வரும் டிவிடெண்ட் உங்கள் மற்ற வருமானத்தோடு கூட்டப்படும்.

ஓய்வுக்காலப் பணத்தை ஒரே பங்கில் வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இந்த நிறுவனத்தின் மீது உங்களுக்கு இன்னும் ஆசை இருந்தால், அதன் வங்கிக் கடனுக்குத் தரம் கொடுத்த கிரிசில், இக்ரா போன்ற அமைப்பின் தளத்தில் அந்தத் தரத்துக்கான காரணங்களை விளக்கும் குறிப்பு இலவசமாகக் கிடைக்கும். கடன் கொடுத்தவர்களுக்காக எழுதப்படுவதால் அதில் பூச்சு குறைவு. வட்டி கட்டும் திறன் குறைகிறதா, தரம் இறக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டை மட்டும் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.