உங்கள் லோகோ ஃபைலில் எத்தனை நோடு இருக்கிறது?

தம்பி, நீங்கள் அனுப்பிய இரண்டு ஃபைல்களையும் திறந்து பார்த்தேன். வேலைத் தேர்வுக்கு அவர்கள் கொடுத்தது 180 பிக்சல் அகலமுள்ள ஒரு ஜேபெக் படம்: பச்சை வளையம், அதற்குள் ஒரு இலை, கீழே நான்கு எழுத்தில் பெயர். நீங்கள் அதை எஸ்விஜி ஆக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிதாக்கினால் மங்கவில்லை. "அப்புறம் ஏன் சார் வேண்டாம் என்றார்கள்? டிசைன் படிப்பை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பை விட வேண்டியதில்லை. தவறு ஒரே இடத்தில் இருக்கிறது, அதைத் திருத்திவிடலாம்.

இங்க்ஸ்கேப்பில் `View > Display Mode > Outline` போய்ப் பாருங்கள். நிறமெல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் தெரியும். இந்த வேலையைச் சரிபார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள்தான் நோடுகள். உங்கள் வளையத்தில் மட்டும் அவை 200க்கும் மேல். ஒரு வளையத்துக்குத் தேவை எட்டுதான்: வெளி வட்டத்துக்கு நான்கு, உள் வட்டத்துக்கு நான்கு.

`Trace Bitmap` கொடுத்து அப்படியே விட்டதால் வந்தது இது. அந்தக் கருவிக்கு வளையம் என்று ஒன்று தெரியாது. நிறம் மாறுகிற எல்லையைப் பிடித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். சின்னப் படத்தில் அந்த எல்லையே சுத்தமாக இருக்காது. வளையத்தின் இடது மேல் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே வெளிர் பச்சைப் பிக்சல்கள் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. ஜேபெக் சுருக்கத்தால் வந்த அழுக்குப் புள்ளிகள் பக்கத்திலேயே சிதறிக் கிடக்கின்றன. ட்ரேஸ் கருவி படிக்கட்டை நெளிவாகவும், வெளிர் பச்சையைத் தனி நிறமாக எடுத்து மெல்லிய நாடாவாகவும் வரைந்துவிட்டது. திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும். பெரிய பலகையில் அச்சடித்தால் ஓரம் கடித்துத் தின்ற மாதிரி தெரியும்.

இனி கையால் வரையுங்கள். அதற்கு முன், நிஜ வாடிக்கையாளராக இருந்தால் அவரிடம் பழைய பிடிஎஃப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். லெட்டர்ஹெட் பிடிஎஃப்புக்குள் லோகோ வெக்டாராகவே உட்கார்ந்திருப்பது உண்டு. அப்படியிருந்தால் வேலையே இல்லை.

படத்தைக் கீழ் லேயரில் வைத்துப் பூட்டிவிட்டு, வட்டக் கருவியால் இரண்டு வட்டம் போடுங்கள். இரண்டுக்கும் மையம் ஒன்றாக இருக்கட்டும். ஓரம் எங்கே என்ற குழப்பம் வரும். வெளிர் பச்சைப் படிக்கட்டில், பச்சைக்கும் வெள்ளைக்கும் பாதிப் பாதியாக இருக்கும் பிக்சலின் நடுவேதான் உண்மையான ஓரம் ஓடுகிறது. கோட்டை அங்கே வையுங்கள். சின்ன வட்டம் மேலே இருக்க, இரண்டையும் தேர்ந்தெடுத்து `Path > Difference` கொடுத்தால் வளையம் தயார். (நான்கு நோடு வட்டம் கணக்குப்படி முழு வட்டம் இல்லை. விலகல் ஆரத்தில் 0.03 சதவீதத்துக்கும் குறைவு, எந்த அளவிலும் கண்ணுக்குத் தெரியாது.)

இலைதான் கை பழக வேண்டிய இடம். அது நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் பாதியை மட்டும் வரைந்து, பிரதி எடுத்துத் திருப்பி, ஒட்டினால் போதும். நுனியில் ஒரு நோடு, காம்பில் ஒரு நோடு, இலை அதிகமாகப் புடைக்கிற இடத்தில் ஒன்று. நோடிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் பிடிதான் ஹேண்டில்; புடைப்பில் உள்ள நோடின் ஹேண்டில் நரம்புக்கு இணையாகப் போக வேண்டும். வளைவு படத்தோடு பொருந்தவில்லை என்றால் உடனே புது நோடு சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள், ஹேண்டிலின் நீளத்தை மாற்றிப் பாருங்கள். தேவையில்லாத ஒவ்வொரு நோடும் வளைவில் ஒரு மேடாக நிற்கும்.

எழுத்துகளுக்கு முதலில் அதே எழுத்துருவைத் தேடுங்கள். கிடைத்தால் தட்டச்சு செய்து, இடைவெளியைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, `Path > Object to Path` கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுக்காவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பெயர் வேறு முகத்தோடு திறக்கும். கிட்டத்தட்ட ஒத்த எழுத்துருவை வைத்துச் சமாளிக்க வேண்டாம். நான்கே எழுத்து, வரைந்துவிடலாம்.

இலையின் நரம்பை வெறும் கோடாக விட்டிருக்கிறீர்கள். அதற்கு `Path > Stroke to Path` கொடுங்கள். கோடாகவே இருந்தால், சில அமைப்புகளில் லோகோவை பத்து மடங்கு பெரிதாக்கினாலும் கோட்டின் தடிமன் பழையபடியே நின்று, நரம்பு நூலாகிவிடும்.

முடித்ததும் மூலப் படத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்து ஒப்பிடுங்கள். பிறகு 16 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் நரம்பு கரைந்துபோனால் அது உங்கள் வரைதலின் குறையல்ல, லோகோவின் இயல்பு. அதற்கு நரம்பில்லாத ஒரு சின்ன வடிவம் தனியாகச் செய்து தருவதுதான் முறை.

உங்கள் வேலைகளின் தொகுப்பில் இதை வைக்கும்போது மூலப் படம், முடித்த லோகோ, அவுட்லைன் பார்வை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் இலையை மட்டும் வரைந்து, அவுட்லைன் பார்வையோடு எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.