பெண்பால் சொல்லுக்குப் பின்னால் ‘டேர்’ வருமா?

கேள்வி: நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் பி1 தேர்வுக்குப் படிக்கிறேன். ‘டீ நாஹ்பாரின், டீ இஹ் கெஹோல்ஃபன் ஹாபெ’ (நான் உதவிய பக்கத்து வீட்டு அக்கா) என்று எழுதினேன். திருத்தியவர் இரண்டாவது ‘டீ’யை அடித்துவிட்டு ‘டேர்’ என்று போட்டிருக்கிறார். ‘டேர்’ ஆண்பால் அல்லவா? முன்னால் என்ன ஆர்டிகிள் இருக்கிறதோ, கமாவுக்குப் பின்னாலும் அதையே போட்டால் போதும் என்றுதான் எங்கள் கோச்சிங்கில் சொன்னார்கள்.

பதில்: திருத்தியவர் சரி, கோச்சிங் தப்பு. அந்த ‘டேர்’ ஆண்பால் இல்லை. பெண்பால் ஒருமைக்கு நான்காம் வேற்றுமை, அதாவது நம் ‘கு’ உருபின் வேலையைச் செய்யும்போது, ‘டீ’ என்பது ‘டேர்’ ஆகிவிடும். ஆண்பால் எழுவாயும் அதே ஒலியில் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முன்னால் இருக்கும் பெயர்ச்சொல்லிடம் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள்: உன் பால் என்ன, நீ ஒருமையா பன்மையா? நாஹ்பாரின் பெண்பால், ஒருமை. அதோடு அதன் வேலை முடிந்தது. வேற்றுமையை அதனிடம் கேட்கவே கூடாது. கமாவுக்குப் பின்னால் வரும் சின்ன வாக்கியத்தில் அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் வேற்றுமையை முடிவு செய்யும்.

நமக்கு இது ஏன் தடுக்குகிறது என்றால், தமிழில் பெயரெச்சம் அந்த வேலையை மறைத்துவிடுகிறது. ‘எனக்கு உதவிய அக்கா’, ‘நான் உதவிய அக்கா’ இரண்டிலும் ‘உதவிய’ ஒன்றுதான். முதல் அக்கா உதவி செய்தவர், இரண்டாவது அக்கா உதவி பெற்றவர். ஜெர்மன்காரர் இதை மறைக்க விடமாட்டார்.

அதனால் பெயரெச்சத்தை உடைத்து, ‘அவர்’ போட்டுத் தனி வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘அவர் எனக்கு உதவினார்.’ அவர் எழுவாய். ஆகவே ‘டீ நாஹ்பாரின், டீ மியர் கெஹோல்ஃபன் ஹாட்’. அடுத்தது, ‘நான் அவருக்கு உதவினேன்.’ ‘கு’ வந்துவிட்டது. பெண்பாலுக்குக் ‘கு’ என்றால் டேர். ஆகவே ‘டீ நாஹ்பாரின், டேர் இஹ் கெஹோல்ஃபன் ஹாபெ’. பக்கத்து வீட்டில் இருப்பவர் ஆண் என்றால் டேர் நாஹ்பார். அப்போது அதே இடத்தில் ‘டேம்’ வரும்: ‘டேர் நாஹ்பார், டேம் இஹ் கெஹோல்ஃபன் ஹாபெ’.

கோச்சிங் விதி எங்கே உடைகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் பார்க்கலாம். ‘இங்கே வேலை செய்கிற மனிதரை எனக்குத் தெரியும்’ என்பது ‘இஹ் கென்னெ டேன் மான், டேர் ஹியர் ஆர்பைடெட்’. கமாவுக்கு முன்னால் ‘டேன்’, ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அவரை. பின்னால் ‘டேர்’, ஏனென்றால் வேலை செய்வது அவர். முன்னால் இருப்பதை அப்படியே காப்பி அடித்தால் ‘டேன் ஹியர் ஆர்பைடெட்’ என்று வரும். வேலை செய்வது யார் என்றே அதில் தெரியாது.

இப்படிச் சொல்லித்தருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எழுவாயில் இருக்கும் எளிய வாக்கியங்களுக்கு அந்த விதி தற்செயலாகப் பொருந்தும். பத்து உதாரணம் காட்டி வகுப்பை முடித்துவிடுவார்கள். ‘45 நாளில் பி1’ என்று போர்டு வைத்திருக்கிற இடத்தில் பதினோராவது உதாரணத்துக்கு நேரம் ஏது? பாடப் புத்தகங்களும் யோக்கியமில்லை. முதலில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும், பல பாடம் தள்ளி நான்காம் வேற்றுமை என்று பிரித்துப் போடுவதால், பாதியைப் படித்தவர் அதையே முழு விதி என்று நம்பிவிடுகிறார்.

இன்னொரு கூட்டம், மனப்பாடம் செய்யக் கடிதங்களை விற்கிறது. கோதே நிறுவனத்தின் பி1 எழுத்துத் தேர்வு 60 நிமிடம், மூன்று பணிகள். முதல் பணியில் என்னென்ன எழுத வேண்டும் என்று மூன்று குறிப்பும் கொடுத்துவிடுவார்கள். விலைக்கு வாங்கிய கடிதத்தில் ‘டேம்’ இருக்கும், உங்கள் கேள்வியில் தோழி இருப்பாள். பெயரை மட்டும் மாற்றி ‘டேம்’மை அப்படியே விட்டால், திருத்துபவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜென்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். பணமும் போகும், விசாவும் போகும்.

சரி, ‘அவருக்கு’ சோதனை ஏமாற்றுகிற ஓர் இடம் இருக்கிறது. ‘நான் அவருக்கு போன் செய்தேன்’ என்கிறோம். ஜெர்மனில் ‘ஆன்ரூஃபன்’ இரண்டாம் வேற்றுமை கேட்கும், அதாவது ‘அவரை அழைத்தேன்’ என்ற கணக்கு. டாக்டர் ஆண் என்றால் ‘டேர் ஆர்ட்ஸ்ட், டேன் இஹ் ஆன்கெரூஃபன் ஹாபெ’. ‘டேம்’ தப்பு. (ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியின் தென்மேற்கிலும் பேச்சில் நம்மைப் போலவே ‘கு’ போடுகிறவர்கள் உண்டு. தேர்வில் அது எடுபடாது.) ‘ஃப்ராகன்’ என்ற வினையும் இப்படித்தான். நாம் ‘அவரிடம் கேட்டேன்’ என்போம், அவர்கள் ‘அவரைக் கேட்டேன்’ என்பார்கள். வினைச்சொல்லைப் படிக்கும்போதே அது என்ன வேற்றுமை கேட்கிறது என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இனி, நான் விடாமல் நச்சரிக்கும் விஷயம்: டேனென். இதுவரை நாம் போட்ட டேர், டீ, டேன், டேம் எல்லாம் சாதாரண ஆர்டிகிளேதான். பன்மையில் ‘கு’ வரும்போது அப்படி இல்லை. ‘சக ஊழியர்களுக்கு உதவுகிறேன்’ என்றால் ‘இஹ் ஹெல்ஃபெ டேன் கொலேகன்’. ஆர்டிகிள் டேன். அதே ஊழியர்கள் கமாவுக்கு முன்னால் போய்விட்டால் ‘டீ கொலேகன், டேனென் இஹ் ஹெல்ஃபெ’. ‘டேன்’ போதாது, டேனென் வேண்டும். வெறும் ‘டேன்’ என்றால், படிப்பவர் ஆண்பால் ஒருமையைத் தேடுவார், கிடைக்காது.

இது எங்கோ மூலையில் கிடக்கும் விதி என்று நினைக்காதீர்கள். ‘என்னோடு வேலை செய்கிறவர்கள்’, ‘என்னோடு தங்கியிருக்கும் தோழிகள்’ என்று எழுதாத பி1 கடிதம் அரிது. ‘மிட்’ என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் எப்போதும் இதே வேற்றுமைதான். அந்தச் சொல்லும் கமாவை ஒட்டி முன்னால் வந்து நிற்கும், கடைசிக்குத் தள்ளக் கூடாது: ‘டீ லாய்டெ, மிட் டேனென் இஹ் வோனெ’. ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் எதுவானாலும் பன்மையில் டேனென் ஒன்றுதான்.

இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள். நண்பர்கள் ‘டீ ஃப்ராய்ண்டெ’. நான்காம் வேற்றுமையில் இதன் கடைசியில் ஒரு ‘ன்’ ஒட்டி ‘டேன் ஃப்ராய்ண்டன்’ ஆகும். டேனென் வந்துவிட்டதே என்று முன்னால் இருக்கும் சொல்லுக்கும் அந்த ‘ன்’னை ஒட்டி ‘டீ ஃப்ராய்ண்டன், டேனென் இஹ் ஹெல்ஃபெ’ என்று எழுதுவார்கள். நண்பர்கள் பெரிய வாக்கியத்தில் எழுவாய் என்றால் அவர்களுக்கு அந்த ‘ன்’ கிடையாது. ‘டீ ஃப்ராய்ண்டெ, டேனென் இஹ் ஹெல்ஃபெ, வோனென் இன் பெர்லின்.’ இரண்டாவது கமாவையும் விட்டுவிடாதீர்கள்.